டப்பாவின் அளவை முடிவு செய்வது மூடும் நேரத்து அடர்த்தி

கேள்வி: கால்சியம் கார்பனேட் சேர்ந்த துலக்கும் தூள் ஒன்றை 500 கிராம் டப்பாக்களில் அடைக்கிறோம். தூளைத் தந்தவர்களின் தாளில் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.62 கிராம் என்று இருந்ததால் ஒரு லிட்டர் டப்பா தாராளம் என்று வாங்கினோம். அடைக்கும்போது வழிகிறது. கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு திறந்தால் டப்பா குறைவாக இருப்பதுபோல் தெரிகிறது. அடர்த்தி கொட்டினால் ஒன்று, தட்டினால் ஒன்று என்கிறார்கள். எதை வைத்து டப்பா வாங்குவது?

பதில்: இரண்டையும் வைத்து வாங்கக் கூடாது. டப்பாவின் மூடி இறங்கும் அந்தக் கணத்தில் தூள் எந்த அடர்த்தியில் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் வாங்க வேண்டும். அந்த எண் எந்தத் தாளிலும் இருக்காது. உங்கள் இயந்திரத்தில், உங்கள் வேகத்தில், நீங்களே அளந்து பெற வேண்டியது அது. தாளில் இருக்கும் 0.62 பொய் இல்லை. ஆனால் அது அநேகமாகத் தட்டிய அடர்த்தி. உங்கள் டப்பாவுக்குள் விழும் தூள் அந்த நிலைக்கு வருவதற்கு நேரமும் அதிர்வும் வேண்டும். நிரப்பும் மேடையில் அவை இரண்டும் குறைவு. லாரிப் பயணத்தில் இரண்டுமே ஏராளம். நீங்கள் தனித்தனியாகப் பார்க்கும் இரண்டு தொல்லைகளும், அதாவது வழிவதும் பிறகு குறைவதும், ஒரே காரணத்தின் முன்பாதியும் பின்பாதியும்தான்.

தூளின் அடர்த்தி என்று நாம் சொல்வது துகளின் அடர்த்தி அல்ல. துகளும் துகள்களுக்கு இடையில் உள்ள காற்றும் சேர்ந்த மொத்தக் கனஅளவால் எடையை வகுத்தால் வருவது. கால்சியம் கார்பனேட் துகளின் சொந்த அடர்த்தி ஏறக்குறைய 2.7. உங்கள் தூள் பெரும்பாலும் அதுவே என்றும், கொட்டிய நிலையில் அதன் அடர்த்தி 0.46 என்றும் வைத்துக்கொண்டால், தளர்வாகக் கிடக்கும்போது டப்பாவில் 17 சதவீதம்தான் திடப்பொருள்; 0.62 வரை தட்டி இறுக்கினாலும் 23 சதவீதம்தான். மீதி எல்லாம் காற்று. தட்டுவது என்றால் தூளை நசுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. துகள் எதுவும் சுருங்குவதில்லை. காற்றில் ஒரு சிறு பங்குதான் வெளியேறுகிறது.

இந்தக் காற்று ஏன் இவ்வளவு பிடிவாதமாக உள்ளே நிற்கிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். ஒரே அளவுள்ள வழவழப்பான உருண்டைகளை ஒரு பாத்திரத்தில் மெதுவாகக் கொட்டினால் இடத்தில் ஏறத்தாழ 55 முதல் 60 சதவீதம் நிரம்பும். நன்றாகக் குலுக்கினால் 64 சதவீதம் வரை போகும். குலுக்கி மட்டும் அதற்கு மேல் போவது கடினம். அதாவது ஒட்டாத மணிகள் கொட்டியபோதும் தட்டியபோதும் காட்டும் வித்தியாசம் மிஞ்சிப்போனால் ஆறில் ஒரு பங்கு அளவில் நின்றுவிடும். உங்கள் தூளில் வித்தியாசம் அதைப்போல் இரண்டு மடங்கு. உருண்டைகளின் கதையில் இல்லாத ஏதோ ஒன்று இங்கே வேலை செய்கிறது என்று பொருள். அது ஒட்டும் தன்மை.

துகளின் எடை அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. துகளுக்குத் துகள் இருக்கும் ஈர்ப்போ விட்டத்துக்கு ஏற்பத்தான் குறைகிறது. விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒன்றாகும், ஒட்டும் விசை பாதியாகத்தான் குறையும். ஆகவே துகள் நுண்மையாக ஆக, கீழே விழுந்து காலி இடத்தை அடைப்பதைவிட முதலில் தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்பது அதற்கு எளிதாகிறது. சுமார் 100 மைக்ரான் அளவில் இந்தப் போட்டி தெரியத் தொடங்கும்; அதற்கும் கீழே 20, 30 மைக்ரான் என்று போனால் ஒட்டும் விசைதான் வெல்லும். அப்படி ஒட்டி நின்ற துகள்கள் சிறு சிறு வளைவுகளாகவும் பாலங்களாகவும் அமைந்து, தங்களுக்குக் கீழே காலி இடத்தைக் காப்பாற்றுகின்றன. தட்டும்போது உடைவது இந்தப் பாலங்கள்தான். ஊசி வடிவத்திலோ செதில் வடிவத்திலோ துகள் இருந்தால் பாலம் இன்னும் எளிதில் அமையும். உங்கள் பொருளில் வீழ்படிவாகத் தயாரித்த லேசான வகை கலந்திருந்தால், கொட்டிய அடர்த்தி இவ்வளவு குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

இதற்கு மேல் இன்னொரு காற்றும் இருக்கிறது. அதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. நுண் தூள் உயரத்திலிருந்து விழும்போது காற்றை இழுத்துக்கொண்டே வருகிறது. விழுந்த கணத்தில் அது கிட்டத்தட்ட நீரைப்போல் அலையும். டப்பாவைச் சாய்த்தால் ஓடும். துகள்களுக்கு இடையில் உள்ள வழிகள் மிகக் குறுகலாக இருப்பதால் அந்தக் காற்று வெளியேற நேரம் எடுக்கிறது. இந்த நிலையில் தூளின் அடர்த்தி ஆய்வகத்தில் அளக்கும் கொட்டிய அடர்த்தியைவிடவும் குறைவு. நான் நிரப்பும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த இடத்தில்தான் தவறினேன். முந்தின நாளே எடுத்து வைத்த மாதிரியில் கொட்டிய அடர்த்தி 0.46 என்று அளந்துவிட்டு, அதுதான் மிக மோசமான நிலை என்று நம்பினேன். கூம்புத்தொட்டி புதிதாக நிரம்பிய உடனே எடுத்துப் பார்த்தால் அதே தூள் 0.41-இல் இருந்தது. 500 கிராமுக்கு 1087 மில்லிலிட்டர் என்று போட்ட கணக்கு 1220 ஆனது. அன்று முழுவதும் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது தாளில் வரும் எண்ணைப் பற்றி. மருந்தியல் நூல்கள் விதிக்கும் வழக்கமான முறை இது: 100 கிராம் தூளைச் சலித்து, 250 மில்லிலிட்டர் அளவுக் குழாயில் அழுத்தாமல் இட்டு, மட்டம் பார்த்து முதல் கனஅளவைக் குறிக்க வேண்டும். பிறகு இயந்திரம் குழாயைச் சிறிது உயர்த்தி உயர்த்தி விழவிடும். 10, 500, 1250 தட்டல்களில் கனஅளவைக் குறிக்க வேண்டும். 500-க்கும் 1250-க்கும் வித்தியாசம் 2 மில்லிலிட்டருக்குள் இருந்தால் அங்கே நிறுத்தலாம். இல்லையென்றால் இன்னும் 1250 தட்ட வேண்டும். உங்களுடையதைப் போன்ற ஒரு தூளில் வரக்கூடிய வரிசையைச் சொல்கிறேன்: தொடக்கத்தில் 217, பத்துத் தட்டலில் 195, ஐந்நூறில் 163, ஆயிரத்து இருநூற்று ஐம்பதில் 161. அடர்த்தியாகச் சொன்னால் 0.46, 0.51, 0.61, 0.62.

இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். முதல் பத்துத் தட்டல் 22 மில்லிலிட்டரை எடுத்துவிட்டது. அடுத்த 490 தட்டல் 32 எடுத்தது. அதற்கடுத்த 750 தட்டல் வெறும் 2. பெரிய பாலங்கள் முதல் அதிர்விலேயே இடிந்துவிடுகின்றன. அதன்பிறகு ஒரு துகள் ஒரு குழிக்குள் இறங்க வேண்டுமானால் சுற்றியுள்ள பல துகள்கள் ஒரே சமயத்தில் வழிவிட வேண்டும். இறுக இறுக அப்படி நடக்கும் வாய்ப்பு அருகிக்கொண்டே போகிறது. ஒட்டாத கண்ணாடி மணிகளை வைத்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1995-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: பல்லாயிரம் தட்டலுக்குப் பிறகும் அடர்த்தி மடக்கையின் வேகத்தில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. ஆகவே தட்டிய அடர்த்தி என்பது ஒரு முடிவான எல்லை அல்ல. இவ்வளவு உயரத்திலிருந்து இத்தனை முறை தட்டினால் வரும் எண், அவ்வளவுதான். ஒரு முறையில் குழாய் 3 மில்லிமீட்டர் விழும், இன்னொன்றில் 14 மில்லிமீட்டர். இரண்டும் ஒரே விடையைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. தூள் தருபவரிடம் எந்த முறை, எத்தனை தட்டல் என்று கேட்டுவிடுங்கள். சொல்லாத தாளில் உள்ள எண்ணை மற்றொரு தாளோடு ஒப்பிடாதீர்கள்.

தட்டிய அடர்த்தியைக் கொட்டிய அடர்த்தியால் வகுத்தால் வருவது ஹவுஸ்னர் விகிதம். உங்களுக்கு 1.35 வருகிறது. 1.25-க்குக் கீழே இருந்தால் தூள் ஓரளவு நன்றாக ஓடும். 1.35-ஐத் தொட்டுவிட்டால் ஓட்டம் மோசமான வகை. கூம்புத்தொட்டியில் அடைத்துக்கொள்ளும், தூளை டப்பாவுக்குள் தள்ளும் திருகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே எடையைத் தராது. டப்பா விஷயத்தில் இந்த விகிதத்தின் பயன் ஒரு எச்சரிக்கை மட்டுமே. விகிதம் பெரிதாக இருந்தால் மூடும் நேரத்து அடர்த்தி எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், அதை அளக்காமல் டப்பா வாங்காதே என்று அது சொல்கிறது. விகிதத்தை வைத்தே டப்பாவின் அளவைக் கணக்கிடும் சூத்திரங்களை யாராவது தந்தால் நான் நம்ப மாட்டேன்.

உங்கள் டப்பாவையே எடுத்துக்கொள்வோம். விளிம்பு வரை 1000 மில்லிலிட்டர், உள்விட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் உயரம் 12.7 சென்டிமீட்டர். மேல் விளிம்பில் தாள் முத்திரை ஒட்ட வேண்டும் என்பதால் தூள் விளிம்பைத் தொடக் கூடாது. 5 சதவீத இடம் விட்டால் 950 மில்லிலிட்டர் கிடைக்கும். 500 கிராம் அதற்குள் அடங்க வேண்டுமானால் மூடும் நேரத்தில் அடர்த்தி 0.526 இருந்தாக வேண்டும். வெறுமனே கொட்டினால் கிடைப்பது 0.46. அடியில் அதிர்வுப் பலகை வைத்துச் சில வினாடிகள் குலுக்கினால் 0.53 வரும் என்று கொள்வோம். அப்போது 943 மில்லிலிட்டர். விளிம்புக்கு 7 மில்லிமீட்டர் கீழே தூள் நிற்கும். காகிதத்தில் சரியாகிவிட்டது. ஆனால் தூளின் அடர்த்தி தொகுதிக்குத் தொகுதி மாறும். அடுத்த தொகுதி சற்று லேசாக வந்து, அதே குலுக்கலில் 0.50-தான் தந்தால் 1000 மில்லிலிட்டர், சரியாக விளிம்பு. முத்திரை ஒட்டும் இடத்தில் தூள் படியும், ஒட்டு பிடிக்காது. விரலால் தாளை அமுக்கிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு பகுதி தூக்கிக்கொண்டு வருமே, அதுதான் இதன் அடையாளம். முத்திரை இயந்திரத்தின் சூட்டைக் கூட்டிப் பார்ப்பதில் நாள்களை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். கோளாறு சூட்டில் இல்லை, தூளின் மட்டத்தில் இருந்தது.

சரி, பெரிய டப்பா வாங்கிவிடலாம் என்றால் மறுபக்கம் இடிக்கும். பயணத்திலும் அடுக்கிலும் தூள் அமர்ந்து 0.60-ஐ எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்; 500 கிராம் அப்போது 833 மில்லிலிட்டர். ஒரு லிட்டர் டப்பாவில் மேலே 2.1 சென்டிமீட்டர் காலி. நீங்கள் பார்த்த குறைவு இதுதான். எடை ஒரு கிராமும் குறையவில்லை. 1100 மில்லிலிட்டர் டப்பாவுக்கு மாறினால் வழிவது நிற்கும், ஆனால் திறக்கும்போது கிட்டத்தட்ட கால் டப்பா காலியாக இருக்கும். எடையைக் கொண்டுதான் விற்கிறோம், பயணத்தில் அமரும் என்று வெளியே அச்சிட்டாலும், கையில் வாங்குபவர் மனம் அதை முழுதாக ஏற்பதில்லை. டப்பாவில் தேவையற்ற காலியிடத்தை ஏமாற்றாகக் கருதும் சட்டங்களும் பல நாடுகளில் உண்டு. தூள் தானாக அமர்வதை அவை விலக்காகப் பார்த்தாலும், எவ்வளவு அமர்கிறது என்பதற்கு உங்களிடம் அளவீடு இருக்க வேண்டும்.

ஆகவே டப்பாவைப் பெரிதாக்குவதற்கு முன், மூடும் நேரத்து அடர்த்தியை உயர்த்தப் பாருங்கள். அது ஒன்றை உயர்த்தினால் இரண்டு தொல்லையும் சேர்ந்தே குறையும். என் பரிந்துரை இரண்டு தவணையாக நிரப்புவது. முதலில் 350 கிராம் விடுங்கள், 0.46-இல் அது 761 மில்லிலிட்டர், வழியாது. டப்பா நகர்ந்து போகும் பாதையில் அதிர்வுப் பலகையைக் கடக்கும்போது 660-க்கு இறங்கும். அதன்மேல் 150 கிராம், இன்னும் 326 மில்லிலிட்டர். மொத்தம் 986, விளிம்புக்குள் நிற்கிறது. இரண்டாவது குலுக்கலில் 943-க்கு வந்துவிடும். ஒரே தவணையில் கொட்டினால் 1087 என்று வழிந்த அதே தூள், அதே டப்பா. லேசான தொகுதி வந்தால் இதுவும் சற்று மீறும். அதற்காக டப்பாவின் வாயில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கழுத்துப்பட்டை பொருத்தி, அடங்கிய பிறகு எடுத்துவிடலாம். ஏறக்குறைய 390 மில்லிலிட்டர் தற்காலிக இடம் கிடைக்கும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: கழுத்துப்பட்டை வழிவதைத் தடுக்கும், அடர்த்தியைக் கூட்டாது. லேசான தொகுதி குலுக்கிய பிறகும் 0.526-க்கு வரவில்லையென்றால், குலுக்கும் நேரத்தை நீட்டுவதா, தூள் தருபவரிடம் அடர்த்திக்குக் கீழ் எல்லை ஒன்றை எழுதி வாங்குவதா என்றுதான் யோசிக்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் முதலில் செய்வேன்.

விழும் உயரத்தைக் குறைப்பதும் பெரிய உதவி. திருகின் முனை டப்பாவுக்குள் அடிவரை இறங்கி, தூள் ஏற ஏற டப்பா கீழே இறங்கும் அமைப்பில் தூள் காற்றை அள்ளிக்கொண்டு விழ வாய்ப்பே குறைவு. கூம்புத்தொட்டியை அடிமட்டம் வரை காலியாக்கிவிட்டு ஒரேயடியாக நிரப்பாமல், மட்டம் எப்போதும் பாதிக்கு மேல் இருக்கும்படி அடிக்கடி சிறிது சிறிதாகச் சேர்த்தாலே திருகுக்கு வரும் தூள் ஓரளவு ஓய்ந்து வரும். செலவில்லாத மாற்றம் இது. முதலில் இதைச் செய்து பாருங்கள்.

அதிர்வில் இரண்டு எச்சரிக்கை. மெல்லிய, நடுக்கம் போன்ற அதிர்வால் பயன் இல்லை. தூளின் படுகை ஒரு கணமாவது தூக்கப்பட்டு விழ வேண்டும். அப்போதுதான் பாலங்கள் உடையும். பலகை சத்தம் போடுகிறது என்பதால் அது வேலை செய்கிறது என்று நம்பாமல், அதிர்வுக்கு முன்னும் பின்னும் மட்டத்தை அளந்து பாருங்கள். அடுத்தது, உங்கள் துலக்கும் தூளில் கரடான மணிகளும் நுண் தூளும் கலந்திருந்தால் நீண்ட நேரக் குலுக்கலில் நுண்மையானவை இடுக்குகள் வழியே கீழே இறங்கும், பெரியவை மேலே தங்கும். மேல் அடுக்கையும் அடி அடுக்கையும் தனித்தனியாக எடுத்து ஒரே சல்லடையில் சலித்தால் தெரிந்துவிடும். முழுக்க ஒட்டும் நுண் தூளில் இந்தப் பிரிவு அவ்வளவாக நடப்பதில்லை, கலவையில்தான் கவலை.

அளப்பது எப்படி என்று சொல்கிறேன். அளவுக் குழாயை விட்டுவிட்டு உங்கள் டப்பாவையே பாத்திரமாக வையுங்கள். குறுகிய குழாயில் சுவரின் பாதிப்பு கூடுதல், விழும் உயரமும் வேறு. முதலில் டப்பாவின் விளிம்புக் கொள்ளளவைத் தண்ணீர் ஊற்றி எடைபோட்டு உறுதி செய்யுங்கள்; விற்பவர் சொல்லும் லிட்டர் விளிம்பு வரையா, கழுத்து வரையா என்பதில் பல சமயம் குழப்பம் இருக்கும். பிறகு இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது, மூடி வைக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் பத்து டப்பாக்களை எடுத்து, விளிம்பிலிருந்து தூளின் மட்டம் எவ்வளவு கீழே என்று பல புள்ளிகளில் அளந்து சராசரி பாருங்கள். மேற்பரப்பு குவிந்திருந்தால் ஒரு புள்ளி ஏமாற்றும். எடையை அந்தக் கனஅளவால் வகுத்தால் மூடும் நேரத்து அடர்த்தி கிடைத்துவிடும். தொட்டி நிரப்பிய உடனே ஒருமுறை, மட்டம் இறங்கிய பின் ஒருமுறை, குறைந்தது மூன்று வெவ்வேறு தொகுதிகளில் இதைச் செய்யுங்கள். கிடைத்தவற்றுள் மிகக் குறைந்த எண்ணைத்தான் டப்பாவின் அளவுக்கு எடுக்க வேண்டும். சராசரியை எடுத்தால் ஏறத்தாழ பாதி டப்பா அதைவிட லேசாக இருக்கும்.

அமர்ந்த பிறகு வரும் அடர்த்தியை அளவுக் குழாயின் 0.62-ஐ வைத்து ஊகிக்காதீர்கள். சில டப்பாக்களை மூடி, உண்மையான அட்டைப்பெட்டியில் அடுக்கி, உண்மையான பாதையில் அனுப்பித் திரும்பப் பெற்று, மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அதில் மிக அதிகமாக அமர்ந்த டப்பாவின் எண்ணைத்தான் காலியிடக் கணக்குக்கு எடுக்க வேண்டும். நான் மேலே எழுதிய 0.53, 0.50, 0.60 எல்லாம் கணக்கு விளங்குவதற்காக வைத்த எண்கள். துகள் அளவு, ஈரப்பதம், திருகின் வேகம் மாறினால் அவையும் மாறும். காற்றில் ஈரம் கூடிய நாள்களில் ஒட்டும் தன்மை ஏறிக் கொட்டிய அடர்த்தி இன்னும் இறங்கக்கூடும் என்பதால், அளவீட்டை ஒரே பருவத்தில் முடித்துவிடாமல் ஈரமான நாள் ஒன்றிலும் ஒருமுறை எடுத்துவிட்டுப் புதிய டப்பாவுக்கு ஆர்டர் கொடுங்கள்.